தறிக்கூடத்துக்கு இன்சூரன்ஸ்: எந்தப் பாலிசி வேண்டும், எவ்வளவு தொகைக்கு வேண்டும்

சேலத்துப் பக்கம் இளம்பிள்ளையிலோ கொண்டலாம்பட்டியிலோ ஆறு, எட்டுத் தறி ஓட்டுகிற ஒருவரிடம் பட்டறைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், "பேங்கில் போட்டிருக்கிறார்கள்" என்ற பதில்தான் வழக்கமாக வரும். அது தறிக்காரருக்காக எடுத்த பாலிசி என்று சொல்லிவிட முடியாது. கடன் கொடுத்த வங்கி, தன் கடன் மூழ்காமல் இருப்பதற்காக எடுத்தது. பிரீமியம் நம் கணக்கில் கழிந்தாலும், இழப்பீடு வந்தால் முதல் உரிமை வங்கிக்கு. கடனுக்கு மேல் நமக்கு என்ன மிஞ்சும் என்பதை யாரும் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனவே புதிய பாலிசி தேடுவதற்கு முன்னால், இருக்கிற பாலிசியின் முழு நகலை வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். ஒரு பக்கச் சான்றிதழ் போதாது. அட்டவணைப் பக்கமும் நிபந்தனைகளும் சேர்ந்தே வேண்டும். அதில் முகவரி சரியா, எந்தெந்தப் பொருளுக்கு எவ்வளவு தொகை, தொழில் என்னவென்று எழுதியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். தறி ஓடும் கூடம் ஒரு கதவு எண்ணிலும் நூல் மூட்டையும் சேலைக் கட்டும் வைத்திருக்கும் வீடு இன்னொரு கதவு எண்ணிலும் இருப்பது நம் ஊரில் சாதாரணம். பாலிசியில் ஒரு முகவரிதான் இருக்கிறது என்றால், மற்ற இடத்தில் இருக்கும் சரக்குக்குப் பாதுகாப்பு இல்லை. தொழில் என்ற இடத்தில் "ஜவுளிக் கடை" என்று எழுதியிருந்தால் அதையும் உடனே திருத்த வேண்டும். நெசவுக்கூடத்தின் தீ அபாயம் வேறு, கடையின் அபாயம் வேறு. அந்த வித்தியாசம் உரிமை கோரும் நாளில்தான் நினைவுக்கு வரும்.

எந்தப் பாலிசி?

2021 ஏப்ரல் 1 முதல் சிறு தொழில்களுக்கான தீ காப்பீட்டை, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரே மாதிரியான வாசகத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு இடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால் அதற்குரியது "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா". அதற்கு மேல் 50 கோடி வரை "பாரத் லகு உத்யம் சுரக்ஷா". தறிக்கூடங்களில் பெரும்பாலானவை முதல் வகைக்குள் அடங்கிவிடும். எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படைப் பாதுகாப்பு ஒன்றுதான் என்பதால், நிறுவனங்களை ஒப்பிடும்போது பிரீமிய விகிதத்தையும் கூடுதல் பாதுகாப்புகளையும் மட்டும் பார்த்தால் போதும்.

தீ, இடி, வெடிப்பு, புயல், வெள்ளம், நிலச்சரிவு, நில நடுக்கம், கலவரம், வண்டி மோதுதல், தண்ணீர்த் தொட்டி உடைவது எல்லாம் இந்தப் பாலிசிக்குள் வருகின்றன. தீ பாலிசி என்று சொன்னாலும் உள்ளே இவ்வளவு இருக்கிறது. சாதாரணத் திருட்டு மட்டும் இல்லை. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். "எல்லாம் இதிலேயே அடங்கும் அண்ணா" என்று ஏஜெண்ட் சொன்னால், அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

தொகையைக் கணக்கிடுவது

பாலிசியைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பத்து மடங்கு முக்கியமானது இதுதான். இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு கூடத்தை எடுத்துக்கொள்வோம். எண்கள் உதாரணத்துக்காக வைத்தவை.

வாடகைக் கூடம். எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்திய எட்டுத் தறி. அவற்றில் சில பழையதாக வாங்கியவை. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக 12 லட்சம் என்று நிற்கிறது. ஆனால் இன்று அதே வகைத் தறியையும் ஜக்கார்டையும் புதிதாக வாங்கி, நிறுத்தி, ஓட்டிவிட வேண்டுமென்றால் தறிக்கு 3 லட்சம் வீதம் 24 லட்சம். தார் சுற்றும் எந்திரம், மெயின் போர்டு, வயரிங் 2 லட்சம். மொத்தம் 26 லட்சம். இந்தப் பாலிசியில் எந்திரங்களுக்கு மாற்று விலைதான் அடிப்படை. அதாவது புதிதாக வாங்க ஆகும் செலவு. ஆடிட்டரின் புத்தக மதிப்பு இங்கே உதவாது.

இப்போது 12 லட்சத்துக்கு மட்டும் பாலிசி எடுத்திருக்கிறார் என்று வைப்போம். ஒரு மூலையில் தீப்பிடித்து 6.5 லட்சம் ரூபாய்க்கு எந்திரங்கள் சேதமாகின்றன. 12 லட்சம் இருக்கிறதே, 6.5 லட்சமும் கிடைத்துவிடும் என்று அவர் நினைப்பார். கிடைக்காது. 26 லட்சத்துக்கு எடுக்க வேண்டியதை 12 லட்சத்துக்கு எடுத்ததால், இழப்பீடும் அதே விகிதத்தில் குறையும். 6.5 லட்சத்தை 12ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் 3 லட்சம். மீதி 3.5 லட்சம் அவர் கையிலிருந்து. இதைத்தான் குறைக் காப்பீடு என்கிறார்கள். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது.

சூக்ஷ்ம பாலிசியில் ஒரு சலுகை இருக்கிறது. குறை 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் இந்த வெட்டு கிடையாது. 26 லட்சத்தில் 85 சதவிகிதம் 22.1 லட்சம். அவர் 23 லட்சத்துக்கு எடுத்திருந்தால் அந்த 6.5 லட்சத்தில் குறைக் காப்பீட்டுக்காக ஒரு ரூபாயும் கழிக்க மாட்டார்கள். பாலிசியில் குறிப்பிட்டிருக்கும் சொந்தப் பொறுப்புத் தொகை மட்டும் கழியும். இந்தச் சலுகையைத் தொகையைக் குறைத்துப் போடும் வழியாக யாரும் பார்க்க வேண்டாம். ஆண்டு நடுவில் எந்திர விலை ஏறினால் தாங்கிக்கொள்ள அது இருக்கட்டும்.

தொகையை உயர்த்தினால் பிரீமியம் எவ்வளவு ஏறும்? விகிதத்தை ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கேளுங்கள். ஆயிரத்துக்கு ஒரு ரூபாய் என்றால் ஒரு லட்சத்துக்கு 100 ரூபாய். 12 லட்சத்திலிருந்து 26 லட்சமாக உயர்த்தினால் கூடுதல் 14 லட்சம். விகிதத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் வருடத்துக்கு 1,400 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. அந்தக் கூடுதலையும் மேலே சொன்ன 3.5 லட்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மாற்று விலையில் தருவதாகச் சொன்னாலும், பொதுவாக நீங்கள் உண்மையிலேயே புதிய எந்திரம் வாங்கிப் போட்டால்தான் அந்த விலை. பணத்தை வாங்கிக்கொண்டு தொழிலை விட்டுவிடப் போகிறீர்கள் என்றால் தேய்மானம் கழித்துத்தான் தருவார்கள்.

சரக்கின் கணக்கு வேறு. நூலுக்கு நீங்கள் கொடுத்த விலையும் அதைக் கூடத்துக்குக் கொண்டுவந்த செலவும் சேரும். தறியில் ஏறியிருக்கும் பாவுக்கு அதுவரை ஆன செலவு. நெய்து முடித்த சேலைக்கு உற்பத்திச் செலவுதான்; அதை விற்றால் வரும் லாபத்தைச் சேர்க்க முடியாது. தொகையை வைக்கும்போது வருடத்தின் சராசரியை எடுக்காதீர்கள். தீபாவளிக்கு முன்னால் புரட்டாசியில் கூடம் நிரம்பியிருக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணக் கூடத்தில் சாதாரண மாதத்தில் சொந்தச் சரக்கு 6 லட்சம், அந்த நாளில் 10 லட்சம். பாலிசி 6 லட்சத்துக்கு இருந்து, 4 லட்சம் ரூபாய்ச் சரக்கு எரிந்தால் 2.4 லட்சம்தான் கையில் வரும். ஆண்டு முழுவதும் 10 லட்சத்துக்குக் கட்டக் கையில் பணம் இல்லையென்றால், சரக்கு சேரத் தொடங்கும்போது எண்டார்ஸ்மெண்ட் என்ற பாலிசித் திருத்தம் போட்டுத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம். அதற்கான பணம் போய்ச் சேர்ந்த பிறகே உயர்வு செல்லும்.

யாருடைய சரக்கு?

சேலத்துத் தறிக்கூடங்களுக்கென்றே உள்ள சிக்கல் இது. கூலிக்கு நெய்கிற கூடத்தில் கிடக்கும் நூலும் சேலையும் வியாபாரியுடையவை. எரிந்தால் வியாபாரி நம்மிடம்தான் கேட்பார். பாலிசியில் "சரக்கு" என்று மட்டும் எழுதியிருந்தால், உங்களுக்குச் சொந்தமில்லாத நூலைச் சேர்க்க முடியாது என்று நிறுவனம் சொல்ல இடம் இருக்கிறது. "கூட்ஸ் ஹெல்ட் இன் டிரஸ்ட்" என்ற சொற்றொடர், அதாவது பிறர் நம்பி ஒப்படைத்த சரக்கு என்பது, அட்டவணையில் தெளிவாக வர வேண்டும். அதற்குத் தனித் தொகையும் வேண்டும். நம் கூடத்தில் அது 5 லட்சம் என்று வையுங்கள். எந்திரம் 26, சொந்தச் சரக்கு 10, வியாபாரி சரக்கு 5 என மொத்தம் 41 லட்சம். வங்கி எடுத்திருப்பது 12 லட்சம் எந்திரத்துக்கும் 6 லட்சம் சரக்குக்கும் என்றால், பாதிக்கும் மேல் வெளியே நிற்கிறது.

வியாபாரியே தன் நூலுக்குப் பாலிசி வைத்திருக்கலாம். அதில் உங்கள் கூடத்தின் முகவரி இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். இருக்கிறது என்று சொன்னால் நகலைக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். எதிர்ப்பக்கமும் உண்டு: உங்கள் நூல் சாயப்பட்டறைக்கோ பாவு ஓட்டவோ வெளியே போயிருக்கும்போது, சூக்ஷ்ம பாலிசி சரக்குத் தொகையில் 10 சதவிகிதம் வரை அதற்கும் பாதுகாப்புத் தருகிறது. அதிகம் வெளியே போகும் என்றால் அந்த இடத்தையும் முகவரியாகச் சேருங்கள்.

கட்டடம் உரிமையாளருடையது, அதற்கு அவர்தான் பாலிசி எடுக்க வேண்டும். ஆனால் நீங்கள் செலவு செய்து போட்ட வயரிங், தளம், கூரை மாற்றம் இருந்தால் அவற்றை உங்கள் பட்டியலில் எழுதுங்கள்.

(வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்காரர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெள்ளிக் கட்டியை வழக்கமான தீ பாலிசிகள் தனியாக எழுதாமல் ஏற்பதில்லை. அவர்களுக்கு நகைத்தொழிலுக்கென்றே உள்ள ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசி இருக்கிறது.)

எது உள்ளே, எது வெளியே

இரண்டு இடங்களில்தான் தகராறு அதிகம் வரும்: மின்கோளாறும் மழையும்.

மின்கசிவால் ஒரு தறியின் மோட்டார் கருகிவிட்டது, வேறு எதுவும் எரியவில்லை என்றால் தீ பாலிசி தராது. அந்த மோட்டாரிலிருந்து பஞ்சுத் தூசியில் தீ பிடித்துப் பக்கத்துத் தறிக்கும் நூலுக்கும் பரவினால், பரவியதற்குத் தரும். முதலில் கருகிய அந்த மோட்டாரை மட்டும் ஒதுக்கிவிடும். ஆகையால் தீ எங்கே தொடங்கியது என்பதை யாரும் ஊகித்து எழுதித் தராதீர்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். மோட்டாரும் ஜக்கார்டின் போர்டும் தனியே போவதற்கு எந்திரப் பழுது பாலிசி, எலக்ட்ரானிக் கருவிப் பாலிசி என்று வேறு இருக்கின்றன. புதிதாகக் கடன் வாங்கி ஜக்கார்டு போட்டவருக்கு அது பொருந்தலாம். பழைய தறி ஓட்டுபவர் அந்தப் பணத்தை வயரிங்கைச் சரிசெய்யச் செலவிடுவது மேல் என்பது என் கருத்து.

மழை இன்னும் நுணுக்கமானது. வடகிழக்குப் பருவமழையில் சிமெண்ட் ஷீட்டின் விரிசல் வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி நூல் கறைபட்டால், அது பராமரிப்புக் குறை. பணம் கிடைக்காது. புயல்காற்றில் ஷீட் பிய்த்துக்கொண்டு போய் அந்தத் திறப்பில் மழை கொட்டினால் அது புயல் சேதம். தெருத் தண்ணீர் கூடத்துக்குள் ஏறினால் வெள்ளச் சேதம். மாடித் தொட்டி உடைந்து கொட்டினாலும் கிடைக்கும். சர்வேயர் நனைந்த நூலைவிடக் கூரையை அதிகம் பார்ப்பார். ஷீட்டின் உடைப்பு புதியதா, விளிம்பில் பாசியும் பழைய தார்ப் பூச்சும் இருக்கிறதா என்று தேடுவார். ஆகவே புரட்டாசிக்கு முன்பே கூரையைச் சரிசெய்து, சரிசெய்த பின் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். நூல் மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச் சட்டத்தின் மேல் அடுக்குங்கள். எலி கடித்தது, ஈரத்தில் பூசணம் பிடித்தது, சாயம் மங்கியது இவற்றுக்கு எந்தப் பாலிசியும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

கூலிப் பேச்சுவார்த்தையிலோ வியாபாரம் மந்தமான மாதங்களிலோ கூடத்தைப் பூட்டி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் பாதுகாப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனை தீ பாலிசிகளில் வழக்கம். அதற்கு முன்பே நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்து, ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள்.

திருட்டு

தீ பாலிசியில் திருட்டு வருவது ஒரே ஒரு வகையில்தான். தீயோ வெள்ளமோ வந்து, அதனால் கூடம் திறந்து கிடந்து, அதிலிருந்து 7 நாளுக்குள் திருடு போனால் தருவார்கள். சாதாரணத் திருட்டுக்குத் தனியாக பர்க்லரி பாலிசி வேண்டும்.

அந்தப் பாலிசியின் உயிர்நாடி ஒரே சொல்லில் இருக்கிறது: பலவந்தம். பூட்டை உடைத்தோ, ஷட்டரை நெம்பியோ, ஷீட்டைக் கழற்றியோ உள்ளே வந்திருக்க வேண்டும். அல்லது வெளியேறும்போது உடைத்திருக்க வேண்டும். 2004இல் யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கும் ஹர்சந்த் ராய் சந்தன் லால் என்ற வணிக நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலிசியின் வாசகம் அப்படி இருக்கும்போது பலவந்தம் இல்லாத திருட்டுக்குப் பணம் கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மத்தியானம் திறந்த கூடத்திலிருந்து சேலைக் கட்டு மறைந்தால் இந்த வாசகத்துக்குள் வராது. பூட்டாத கதவு வழியாக வந்தாலும் வராது. இவற்றையும் சேர்க்கத் "திருட்டு நீட்டிப்பு" கேட்டு வாங்க வேண்டும். வேலையாள் எடுத்தால் இரண்டிலும் இல்லை. அதற்கு ஃபிடிலிட்டி கேரண்டி என்ற வேறு பாலிசி. நான்கைந்து பேர் வேலை பார்க்கும், முதலாளியே கூடத்தில் இருக்கும் பட்டறைக்கு அது தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தொகையைப் பொறுத்தவரை இங்கே சிக்கனம் செய்யலாம். தறியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஒரே இரவில் ஒரு மினி வேனில் எவ்வளவு ஏற்ற முடியுமோ அவ்வளவுதான் இழப்பு. எனவே ஃபர்ஸ்ட் லாஸ் முறையில் எடுங்கள்: மொத்தச் சரக்கு 15 லட்சம் என்று அறிவித்து, அதில் 4 லட்சம் வரைக்கும் மட்டும் பாதுகாப்பு. மொத்த மதிப்பைக் குறைத்து அறிவித்தால் இங்கேயும் விகித வெட்டு வரும். 15ஐ 8 என்று எழுதிவிடாதீர்கள். செம்பு வயரும் கழற்றிவைத்த மோட்டாரும் எளிதில் போகிறவை என்பதால் அவற்றையும் பட்டியலில் சேருங்கள்.

தொழில் நின்ற நாட்களின் வருமான இழப்புக்கான பாலிசியும் விற்கிறார்கள். ஒழுங்கான கணக்கு, பல வருட வருமான விவரம் எல்லாம் கேட்கும் அது. கூலித் தறிக்காரருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மொத்தத் தொகையை முதலில் முழுதாக்குங்கள்.

சாட்சிக் கட்டு

கூடம் எரிந்தால் அதனுள் இருக்கும் சரக்குப் புத்தகமும் எரியும். மாதம் ஒரு முறை சரக்குப் பதிவேட்டின் பக்கங்கள், நூல் வாங்கிய ஜி.எஸ்.டி. பில், வியாபாரி கொடுத்த டெலிவரி சலான், தறிகளின் வரிசை எண் தெரியும் படம் இவற்றைப் போனில் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். சலான் இல்லாமல் வாய்ப்பேச்சில் வந்த நூல், பாலிசியைப் பொறுத்தவரை வராத நூல்.

சேதம் நடந்த நாள்

தீ என்றால் தீயணைப்பு நிலையத்துக்கு 101இல் அழையுங்கள். அவர்கள் வந்து போனதற்கான சான்றிதழைப் பின்னர் வாங்குங்கள். அன்றே நிறுவனத்துக்குத் தொலைபேசியிலும் எழுத்திலும் தெரிவித்து, உரிமை கோரல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலும் சேதமாகாமல் காப்பது உங்கள் கடமை. நனையாத நூலை நகர்த்தலாம், கூரைக்குத் தார்ப்பாய் போடலாம். எரிந்த குவியலைச் சர்வேயர் பார்க்கும்வரை வாரிக் கொட்டாதீர்கள். கருகிய நூலின் மிச்சத்திலிருந்துதான் அளவைக் கணக்கிடுவார்கள்.

திருட்டு என்றால் காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். அதோடு நின்றுவிடாதீர்கள்; நிறுவனம் கேட்பது முதல் தகவல் அறிக்கையை. அதில் பூட்டு உடைந்தது, ஷட்டர் நெம்பப்பட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுதியிருக்க வேண்டும். உடைந்த பூட்டையும் எறியாமல் வையுங்கள். பொருள் கிடைக்கவில்லை என்ற இறுதி அறிக்கையையும் பின்னர் கேட்பார்கள்.

நிறுவனம் சொல்லும் தொகை ஏற்கத்தக்கதாக இல்லையென்றால், "முழு மற்றும் இறுதித் தீர்வு" என்ற வவுச்சரில் கையெழுத்துப் போடும் முன் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனி உரிமையாளர் நிறுவனமும் குறுந்தொழிலும் அங்கே முறையிட முடியும். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 2023 நவம்பரிலிருந்து 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். நிறுவனம் மறுத்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இருக்கக் கூடாது.

புதுப்பித்தல்

1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டிக் கட்டப்பட்டால்தான் நிறுவனம் பொறுப்பேற்க முடியும். வங்கி கழித்துக்கொள்ளும் என்று இருந்து, கணக்கில் பணம் குறைந்து, பிரீமியம் போகாமல் நின்றால் இடைப்பட்ட நாட்களுக்குப் பாதுகாப்பே இல்லை. பாலிசி முடிவதற்கு ஒரு மாதம் முன்பே வங்கிக்கும் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அந்தக் கடிதத்திலேயே புதிய எந்திரம், கூடுதல் முகவரி, இந்த வருடத்துச் சரக்கு உச்சம் மூன்றையும் குறிப்பிட்டு, புதிய அட்டவணை கையில் வந்ததும் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள்.